நூறு ரூபாயில் மாறும் கமிஷன்

ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் இரண்டு விற்பனையாளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் இந்த மாதம் 2,49,900 ரூபாய்க்கு விற்றார். மற்றவர் 2,50,000 ரூபாய்க்கு. முதலாமவருக்குக் கமிஷன் 4,998 ரூபாய், இரண்டாமவருக்கு 7,500. விற்பனையில் நூறு ரூபாய்தான் வித்தியாசம், கையில் கிடைப்பதிலோ 2,502 ரூபாய். இதில் கணக்குப்பிழை எதுவும் இல்லை. கடையின் கமிஷன் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது:

```
F (விற்பனை)   G (விகிதம்)
0             0%
100000        2%
250000        3%
500000        5%
```

இந்த அட்டவணையில் 2,49,900 என்ற எண்ணே இல்லை. பிறகு எக்செல் எப்படி 2 சதவீதத்தைக் கண்டுபிடித்தது? அதற்குத்தான் இந்தச் சூத்திரம்:

```
=B2*VLOOKUP(B2,$F$2:$G$5,2,TRUE)
```

கடைசியில் உள்ள TRUE, ‘அதே எண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை’ என்று அனுமதி தருகிறது. ஆனால் இதை ‘மிக அருகில் உள்ள எண்’ என்று புரிந்துகொண்டால் தவறு. அப்படியானால் 2,49,900-க்கு 3 சதவீதம் கிடைத்திருக்க வேண்டுமே! எக்செல் தேடுவது, விற்பனையைத் தாண்டாத எண்களில் பெரியதை. மாடிப்படியில் எந்தப் படியில் கால் ஊன்றியிருக்கிறோமோ அதுதான் கணக்கு. அடுத்த படிக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் கீழ்ப்படிதான்.

அதனால் முதல் பத்தியில் ஒவ்வொரு படியும் தொடங்கும் தொகையை மட்டுமே எழுத வேண்டும். ‘1,00,000 - 2,49,999’ என்று எழுதினால் அது எண் அல்ல, வெறும் எழுத்து. எக்செல் அதைப் பொருட்படுத்தாது. பூஜ்யத்தில் தொடங்கும் வரியை விட்டுவிட்டால், 80,000 ரூபாய்க்கு விற்றவருக்கு நிற்கப் படியே இருக்காது. #N/A என்று வரும்.

#N/A வந்தால் பிழை என்று தெரிந்துவிடும். தெரியாத பிழைதான் ஆபத்து. நிர்வாகம் 4 லட்சத்துக்கு 4 சதவீதம் என்று புதுப் படி ஒன்றைச் சேர்க்கிறது. கணக்காளர் அதை 5 லட்சத்துக்குக் கீழே கடைசி வரியாக எழுதி, சூத்திரத்தின் எல்லையையும் $G$6 வரை நீட்டுகிறார். எக்செல் வரி வரியாகப் படிப்பதில்லை. அகராதியில் சொல் தேடுவதுபோல் நடுவில் திறந்து, அங்குள்ள எண் சிறியதாக இருந்தால் கீழ்ப்பாதிக்குப் போகிறது. பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தேடல். 6 லட்சம் விற்றவருக்காகத் தேடும்போது நடுவில் 2,50,000, சிறியது, கீழே போகிறது. முடிவில் கடைசி வரியில் உள்ள 4,00,000-இல் வந்து நிற்கிறது. 30,000 ரூபாய் வாங்க வேண்டியவர் 24,000 வாங்கிக்கொண்டு போவார். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365 பதிப்புகளில் உள்ள XLOOKUP-க்கு இந்த வரிசைக் கட்டாயம் இல்லை. இறுதியில் உள்ள -1, ‘கிடைக்காவிட்டால் அடுத்த சிறிய எண்’ என்று சொல்கிறது:

```
=B2*XLOOKUP(B2,$F$2:$F$6,$G$2:$G$6,,-1)
```

இனி அந்த நூறு ரூபாய்க்கு வருவோம். எட்டிய படியின் விகிதத்தை முழு விற்பனைக்கும் தருவதால்தான் அந்தத் தாவல். வருமான வரியைப் போல ஒவ்வொரு துண்டுக்கும் அதன் விகிதத்தை மட்டும் தருவது இன்னொரு முறை. பழைய நான்கு வரி அட்டவணையில் H என்று மூன்றாவது பத்தி சேர்த்து, அந்தப் படிக்கு வருவதற்குள் சேர்ந்திருக்கும் கமிஷனை எழுதினால் போதும்: 0, 0, 3000, 10500. 3,10,000 ரூபாய் விற்றவர் 2,50,000-ஆம் படியில் நிற்கிறார். அதுவரை சேர்ந்தது 3,000, மேலே உள்ள 60,000-க்கு 3 சதவீதம் 1,800, மொத்தம் 4,800. முழு விற்பனைக்கும் 3 சதவீதம் என்றால் 9,300 வந்திருக்கும். ஏறத்தாழ இரு மடங்கு! எந்த முறை என்பதை எக்செல் முடிவு செய்யாது. வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் கேட்டுவாங்க வேண்டிய விஷயம் அது.

கணக்குப் போடுபவர்கள் ஒன்று செய்யலாம். சம்பளத்துக்கு முன் ஒவ்வொரு படியின் எல்லைத் தொகையையும், அதற்கு ஒரு ரூபாய் குறைவான தொகையையும் ஷீட்டில் போட்டுப் பாருங்கள். எல்லையில் புது விகிதமும், ஒரு ரூபாய் குறைந்தால் பழைய விகிதமும் வர வேண்டும். பைசாவையும் மறக்க வேண்டாம்: 2,49,999.60 என்ற தொகை திரையில் 2,50,000 என்று தெரியலாம், ஆனால் கமிஷன் 2 சதவீதம்தான் வரும். முழு ரூபாயாக்குவதுதான் கடையின் வழக்கம் என்றால், தேடுவதற்கு முன்பே ROUND போட்டுவிடுங்கள்.