இரவில் மரத்துப்போகும் கை

உறங்கச் சென்றவர் நள்ளிரவில் விரல்கள் மரத்து, ஊசி குத்துவதுபோன்ற உணர்ச்சியுடன் விழித்துக்கொள்கிறார். கையைச் சற்று உதறினால் குணம் தெரிகிறது. விடியுமுன் மீண்டும் அதே தொல்லை. இதனை வாயு என்று கருதித் தைலம் தேய்ப்பவர் பலர். பெரும்பாலும் இது மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குண்பதால் விளைவதாகும். மருத்துவர்கள் இதனைக் கார்ப்பல் டனல் நோய் என்பர்.

மணிக்கட்டின் உட்புறத்தில் குறுகிய வழி ஒன்று உள்ளது. அதன் அடியிலும் பக்கங்களிலும் சிறு எலும்புகள் உள்ளன. மேலே தடித்த நார்ப்பட்டை மூடியிருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடு நரம்பும் இவ்வழியே உள்ளங்கைக்குச் செல்கின்றன. மணிக்கட்டு முன்னே மடங்கினாலும் பின்னே வளைந்தாலும் உள்ளே அழுத்தம் மிகும். உறக்கத்தில் தம்மை அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொண்டு நெடுநேரம் கிடப்பது இரவில் தொல்லை மிகுவதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

நாள்தோறும் இரு வேளை கையால் பால் கறக்கும் நடுத்தர வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டு மாதமாக இத்தொல்லை என்று கொள்க. எந்த விரல்கள் மரக்கின்றன என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பியிருப்பின் ஐயம் வலுப்படும். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டுகளை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னால் அதே மரமரப்பு தோன்றக்கூடும். தோன்றாவிடினும் நோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது.

தொடக்க நிலையில் எளிய பரிகாரம், மணிக்கட்டை நேராக நிறுத்தும் சிம்பை இரவுதோறும் அணிவதே. விரல்கள் தாராளமாக மடங்குமாறு அது உள்ளங்கையோடு முடிய வேண்டும். கடைச் சிம்புகள் பலவற்றில் உள்ள உலோகத் தகடு மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்தே நிறுத்தும். அத்தகட்டை நேராக்கிய பின்னரே அணிதல் வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டினால் அதுவே நரம்பை அழுத்தும். ஆறு வாரம் விடாது அணிந்து, இரவில் எத்தனை முறை விழிப்பு ஏற்படுகிறது என்று குறித்து வந்தால் பயன் விளங்கும். பகலில் மணிக்கட்டை வளைக்காமல் கறப்பதும், இடையிடையே கைக்கு ஓய்வு கொடுப்பதும் துணைபுரியும்.

ஆறு வாரத்தில் குணம் காணாவிடில் மருத்துவரை நாட வேண்டும். ஊசி மருந்தாலோ, நார்ப்பட்டையை அறுத்து இடம் உண்டாக்கும் அறுவையாலோ அவர் நெருக்கத்தைத் தணிப்பார். நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பம் ஆகியவையும் இத்தொல்லைக்குக் காரணமாகலாம் என்பதால் அவற்றையும் அவர் ஆராய்வார்.

ஆனால் மரமரப்பு பகலிலும் நீங்காதிருத்தல், பாத்திரம் கைநழுவுதல், கட்டைவிரலின் அடிச் சதை மெலிதல் ஆகியவை நரம்பு பழுதுறுவதன் அறிகுறிகள். அந்நிலையில் சிம்பை நம்பி ஆறு வாரம் காத்திருத்தல் கூடாது. மெலிந்த சதை அறுவைக்குப் பின்னும் முழுமையாகத் திரும்பாது போகலாம்.