பொருத்துக: தட்டின் எல்லையும் எரிமலையும்



பூகோள வினாத்தாளில் ‘பொருத்துக’ என்னும் பகுதி மதிப்பெண் பெறுவதற்கு எளிய வழி என்பது மாணவர் எண்ணம். ஆனால் புவித்தட்டுகளைப் பற்றிய பொருத்துக வினா மட்டும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் தடுமாற வைப்பதை நான் விடைத்தாள் தோறும் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் என்ன, அதனை எவ்வாறு ஆராய்ந்து விடை காண்பது என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

வினா பெரும்பாலும் இவ்வாறு அமையும். இடப்பக்கத்தில் இமயமலை, அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு, ஐஸ்லாந்து, கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு என நான்கு இடங்கள். வலப்பக்கத்தில் நான்கு விவரங்கள். முதலாவது, தட்டுகள் விலகும் எல்லை. இரண்டாவது, தட்டுகள் ஒன்றையொன்று உராய்ந்து பக்கவாட்டில் நகரும் எல்லை. மூன்றாவது, குவியும் எல்லை, நிலநடுக்கமும் எரிமலையும் உண்டு. நான்காவது, குவியும் எல்லை, நிலநடுக்கம் உண்டு, எரிமலை இல்லை. இறுதி இரண்டில்தான் தொல்லை தொடங்குகிறது. இமயமலையும் குவியும் எல்லை. பாரன் தீவும் குவியும் எல்லை. அப்படியிருக்க, ஓரிடத்தில் எரிமலை இருப்பானேன், மற்றோரிடத்தில் இல்லாமற் போவானேன்?

எங்கள் புதூர், கோவில்பட்டி வட்டாரம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆகவே எங்கள் பிள்ளைகள் இதற்கு ஒரு விடை வைத்திருப்பார்கள். “தீக்குச்சியை உரசினால் நெருப்பு வருவது போல, தட்டுகள் உரசும்போது வெப்பம் உண்டாகிப் பாறை உருகி எரிமலை ஆகிறது” என்று எழுதுவார்கள். கேட்பதற்கு நயமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுவன்று. உரசல்தான் எரிமலைக்குக் காரணம் என்றால், மிகுதியாக உராயும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நெடுகிலும் எரிமலைகள் வரிசையாக நிற்க வேண்டும். அங்கு அத்தகைய வரிசை இல்லை. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பாழாக்கிய நிலநடுக்கத்தைத் தந்தது அப்பிளவுதான். நடுக்கம் உண்டு, எரிமலை இல்லை.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. நிலநடுக்கத்துக்கும் எரிமலைக்கும் காரணங்கள் வெவ்வேறு. பாறைகள் ஒன்றோடொன்று சிக்கி நின்று, பல ஆண்டுகள் இறுக்கம் சேர்ந்து, ஒருநாள் சடக்கென்று நழுவினால் அது நிலநடுக்கம். எந்த வகை எல்லையிலும் இது நிகழக்கூடும். எரிமலைக்கோ பாறை உருக வேண்டும். ஆகவே வினாவைப் பார்த்தவுடன், “இங்கே பாறை உருகுவதற்கு வழி இருக்கிறதா?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டுகளுக்குக் கீழேயுள்ள பகுதி முழுவதும் உருகிய குழம்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது மிகச் சூடான பாறைதான். எனினும் பெரும்பாலும் திடப்பொருளே. திரவத்தில் செல்ல இயலாத ஒருவகை நிலநடுக்க அலை அதன் ஊடே செல்வது இதற்குச் சான்று. அவ்வளவு வெப்பத்திலும் அது உருகாதிருப்பதற்கு, மேலிருந்து அழுத்தும் பெரும் பாரமே காரணம். இப்பாறை உருகுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, அழுத்தம் குறைவது. பிரஷர் குக்கரின் உள்ளே நீர் நூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் கொதித்து ஆவியாகாமல் அடங்கி நிற்கும். அழுத்தம் நீங்கியதும் பொங்கும். அங்கே கொதித்தல், இங்கே உருகுதல். ஆயினும் அழுத்தம் செய்யும் வேலை ஒன்றே. ஐஸ்லாந்தில் இரண்டு தட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வீதம் விலகுகின்றன. அந்த இடைவெளியை நிரப்பச் சூடான பாறை மேலெழுகிறது. மேலெழ மேலெழ அழுத்தம் குறைந்து உருகுகிறது. அந்தத் தீவின் அடியில் இயல்பினும் மிகுந்த வெப்பம் இருப்பதும் அதற்குத் துணை செய்கிறது.

மற்றொன்று, நீர் சேர்வது. பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகுகிறதல்லவா? சூடான பாறையில் நீர் கலந்தாலும் அவ்வாறே. அந்தமானுக்கு மேற்கே, இந்தியத் தட்டின் கடலடிப் பகுதி கிழக்கு நோக்கி மற்றொரு தட்டின் கீழே அமிழ்கிறது. நெடுங்காலம் கடலில் ஊறிய அதன் பாறைகளின் கனிமங்களில் நீர் பிணைந்திருக்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழம் சென்றதும் அந்த நீர் பிரிந்து, மேலேயுள்ள சூடான பாறையிற் கலந்து அதனை உருக்குகிறது. அதன் விளைவே, ஸ்ரீ விஜயபுரம் என இப்போது வழங்கும் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவிலுள்ள பாரன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உறங்கிக் கிடந்த அந்த எரிமலை 1991இல் விழித்துக்கொண்டது. இதே அமிழும் எல்லையில், சுமத்ராவை ஒட்டி, 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. நம் கடற்கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலை அங்கிருந்து வந்ததே.

இனி இமயமலைக்கு வருவோம். அங்கே மோதுவன இரண்டும் கண்டங்கள். கண்டப் பாறை கனம் குறைந்தது. கடலடிப் பாறைபோல் எளிதில் ஆழத்தில் அமிழாது. நீரைச் சுமந்து சென்று சேர்க்க அமிழும் கடலடி அங்கு இல்லை. அழுத்தம் குறையவும் வழியில்லை. ஆகவே எரிமலை வரிசை இல்லை. நழுவலுக்கோ குறைவில்லை, 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவுள்ள நடுக்கமே சான்று. இரு கண்டங்களுக்கும் இடையே முன்பு கடல் இருந்தது. அக்கடலடி அமிழ்ந்த காலத்தில் அங்கேயும் எரிமலைகள் இருந்தன. அவற்றின் பாறைகள் லடாக்கில் இன்றும் உள்ளன. கடல் தீர்ந்தது, எரிமலையும் தீர்ந்தது.

ஆகவே விடை இது: ஐஸ்லாந்துக்கு முதலாவது, சான் ஆண்ட்ரியாஸுக்கு இரண்டாவது, பாரன் தீவுக்கு மூன்றாவது, இமயமலைக்கு நான்காவது. தட்டுகள் எத்திசையில் நகர்கின்றன, அமிழ்வது கடலடியா கண்டமா என்னும் இரண்டு கேள்விகளும் போதும், மனப்பாடம் வேண்டுவதில்லை.

எனினும் ஒரு வலை உண்டு. சில வினாக்களில் ஹவாய் அல்லது லாத்தூர் என்னும் பெயர் நுழைக்கப்பட்டிருக்கும். ஹவாய்த் தீவுகள் பசிபிக் தட்டின் நடுவில் உள்ளவை. ஆழத்திலிருந்து எழும் மிகு வெப்பத்தால் பிறந்தவை. 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலத்து லாத்தூர்ப் பகுதியில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்ட நடுக்கமும் தட்டின் உட்பகுதியில் நேர்ந்ததே. பழைய பலவீனமான பிளவுகளும் நழுவக்கூடும். இவற்றை எந்த எல்லையோடும் பொருத்தலாகாது. ‘தட்டின் உட்பகுதி’ என்று இருந்தால் அதுவே விடை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று தனியாக மற்றொரு வலையும் இருக்கிறது. ‘கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து தோன்றியது’ என்று பாடத்தில் படித்துவிட்டு, புதூரிலும் ஒருகாலத்தில் எரிமலை வெடித்தது என்று எழுதிவிடுகிறார்கள். அவ்வாக்கியம் தக்காணத்து எரிமலைப் பாறை பரவிய மராட்டியம் முதலிய பகுதிகளுக்குப் பொருந்தும். அப்பாறை தமிழ்நாட்டை எட்டவில்லை. நம் கரிசல், மிகப் பழைய நைஸ் என்னும் உருமாறிய பாறைகள் வறண்ட தட்பவெப்பத்தில் சிதைந்து உண்டானது. மண்ணின் நிறம் ஒன்றாயிருப்பதால் பிறப்பும் ஒன்றென்று கொள்ளுதல், குவியும் எல்லை எல்லாம் ஒன்றென்று கொள்வதைப் போன்றதே.