ரெட்டினால் சாண்ட்விச் முறை

ரெட்டினால் சாண்ட்விச் முறை என்பது மாய்ஸ்சரைசரின் இரண்டு பூச்சுகளுக்கு நடுவே ரெட்டினாலைப் பூசும் முறையாகும். முதன்முறையாக ரெட்டினால் பயன்படுத்துவோருக்கு ஏற்படும் எரிச்சலையும் தோல் உரிதலையும் குறைக்க இது கையாளப்படுகிறது. ஒரே ஒரு பூச்சு மாய்ஸ்சரைசரை முன்போ பின்போ இடுவதும், இரண்டையும் உள்ளங்கையில் கலந்து பூசுவதும் பஃபரிங் எனப்படும்.

ரெட்டினால் வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். தோலுக்குள் அது இரண்டு படிகளில் ரெட்டினோயிக் அமிலமாக மாறி, தோல் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. பழக்கமில்லாத தோலில் இதனால் மேலடுக்கு தளர்ந்து, உள்ளிருக்கும் நீர் எளிதில் வெளியேறுகிறது. வறட்சி, சிவப்பு, எரிச்சல் எல்லாம் இதன் விளைவுகளே. முதலில் இடும் மாய்ஸ்சரைசர் ரெட்டினால் உள்ளே செல்லும் வேகத்தைத் தணிக்கிறது. மேலே இடுவது நீரிழப்பைத் தடுக்கிறது. வேகம் தணியும்போது பலனும் ஓரளவு குறையலாம். எனவே இதை நிரந்தரப் பழக்கமாக்காமல் தொடக்க கால ஏற்பாடாகக் கொள்வதே பொருத்தம்.

வறண்ட தோலுள்ள ஒருவர் 0.2% ரெட்டினால் கிரீமைத் தொடங்குவதாகக் கொள்வோம். அவர் இரவில் முகம் கழுவி, ஈரம் முழுவதும் காயவிட வேண்டும். ஈரத் தோலில் எரிச்சல் கூடலாம். மூக்கோரம், உதட்டோரம், கண்ணோரம் ஆகிய இடங்களில்தான் தோல் முதலில் உரியும். அங்கே சிறிது பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். பிறகு மெல்லிய மாய்ஸ்சரைசர் பூச்சு. அது படிந்ததும் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு ரெட்டினால், சில நிமிடங்களில் மறுபடியும் மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரங்களுக்கு வாரம் இரண்டு இரவுகள் போதும். தொல்லை இல்லாவிட்டால் மூன்று இரவுகளாக்கி, பின்னர் அடிப்பூச்சை விட்டுவிட்டு மேற்பூச்சை மட்டும் தொடரலாம்.

மாய்ஸ்சரைசரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கிளைகோலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் கலந்த கிரீம் எரிச்சலைத் தணிக்காது, கூட்டிவிடும். செராமைடு, கிளிசரின் உள்ள நறுமணமற்ற எளிய கிரீமே ஏற்றது. ரெட்டினாலுக்கு மேல் முகம் முழுவதும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசினால், அது மூடிபோல் இருந்து மருந்தை உள்ளே தள்ளிவிடக்கூடும். உள்ளங்கையில் கலப்பது சுலபம் என்றாலும், சரியாகக் கலக்காவிட்டால் ஓரிடத்தில் கூடுதலாகவும் மற்றோர் இடத்தில் குறைவாகவும் படியும்.

லேசான வறட்சியும் செதில் உரிதலும் எதிர்பார்க்கத்தக்கவை. அவை தெரிந்தால் சில இரவுகள் இடைவெளி விட்டால் போதும். சாதாரண மாய்ஸ்சரைசர் பட்டாலே முகம் எரிகிறதென்றால், தோலின் தடுப்பு அடுக்கு பாதிக்கப்பட்டுவிட்டது என்று பொருள்; எரிச்சல் முழுவதும் அடங்கும் வரை ரெட்டினாலை நிறுத்த வேண்டும். வீக்கம், கடும் அரிப்பு, கொப்புளம் ஆகியவை ஒவ்வாமையாக இருக்கலாம். அதைச் சாண்ட்விச் முறையால் சரிசெய்ய முடியாது, தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் எந்த முறையிலும் ரெட்டினாலைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். பயன்படுத்தும் மற்றவர்கள் பகலில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பூச வேண்டும்.