பேசி முடித்த பிறகு சொல்லுங்கள்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மின்னஞ்சலில் அவருடைய ஆங்கிலம் தடுமாறுவதில்லை. பையர் வீடியோ அழைப்பில் வந்து, ஷேடு ஏன் மாறியது என்று கேட்டால்தான் சிக்கல். அதற்காக, தன் பிரிவிலேயே மூத்தவரான ஒரு அக்காவுடன் மாலையில் ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறார். “தப்பா பேசினா சொல்லுங்கக்கா” என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். அக்காவும் சொன்னார், ஒவ்வொரு வாக்கியத்திலும். பத்து நிமிடத்தில் அந்தப் பெண் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று அக்காவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

குறை அக்காவிடம் இல்லை. எதைத் திருத்த வேண்டும், எப்போது திருத்த வேண்டும் என்று அந்த வேண்டுகோளில் எதுவுமே இல்லை.

பேசும்போது மூளை ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. என்ன சொல்வது என்று தீர்மானிக்கிறது, அதற்குச் சொல்லும் இலக்கணமும் தேடுகிறது, ஒலிக்கச் செய்கிறது, சொன்னது சரியா என்று தன் காதாலேயே சரிபார்க்கவும் செய்கிறது. நெதர்லாந்தின் மொழி உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989-இல் வெளியிட்ட நூலில் இந்தப் படிகளை விரிவாக விளக்கினார். தாய்மொழியில் இவற்றில் பெரும்பகுதி தானாக நடக்கும். கற்கும் மொழியில் ஒவ்வொன்றுக்கும் கவனம் தேவை. நடுவில் ஒருவர் திருத்தினால் அந்தக் கவனம் திருத்தத்தின் பக்கம் போய்விடுகிறது, அடுத்துச் சொல்ல வைத்திருந்த வாக்கியம் கலைந்துவிடுகிறது.

இதை உணர்ந்த ஆசிரியர்கள் பலர் மென்மையான வழி ஒன்றைக் கையாள்கிறார்கள். மாணவர் தவறாகச் சொன்னதைத் தாங்கள் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடர்வார்கள். பேச்சு தடைப்படாது, மனமும் நோகாது. ஆனால் திருத்தம் போய்ச் சேர்கிறதா? கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் நடந்த தொடக்கப்பள்ளி வகுப்புகளை ராய் லிஸ்டர், லைலா ராண்டா இருவரும் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மாணவர்களிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. ஆசிரியர் தான் சொன்னதை ஆமோதிக்கிறார் என்று மாணவர் எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால் இந்த வழியை மட்டும் நம்பியிருக்க முடியாது. திருத்தம் தனியாக, திருத்தம் என்று தெரியும்படி வர வேண்டும். பேச்சு முடிந்தபிறகு வர வேண்டும்.

திருப்பூர்ப் பெண் அக்காவிடம் இப்படிக் கேட்டிருக்கலாம்: “அக்கா, டையிங்ல நடந்த பிரச்சினையைப் பத்தி நாலு நிமிஷம் பேசுறேன். நடுவுல நிறுத்தாதீங்க. நான் சொல்றது புரியலைன்னா மட்டும் கேளுங்க. நடந்து முடிஞ்சதைச் சொல்லும்போது வினைச்சொல்லைத் தப்பா சொன்னேன்னா, அந்த வாக்கியத்தை நான் சொன்ன மாதிரியே ஒரு தாள்ல எழுதிக்கோங்க. சரியானதை இப்ப எழுத வேண்டாம்.”

இந்த வேண்டுகோளில் நேரம் இருக்கிறது, தேட வேண்டிய பிழை இருக்கிறது, குறிக்கும் முறை இருக்கிறது, இடைமறிக்க அனுமதி உள்ள ஒரே சூழலும் இருக்கிறது. பிழை வகையை ஒன்றாகவோ இரண்டாகவோ சுருக்குவதுதான் இதில் முக்கியம். எல்லாப் பிழையையும் பிடிக்கச் சொன்னால் கேட்பவர் கதையைக் கேட்கவே மாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். பேசுபவரின் கண் பேனாவிலேயே நிற்கும். தாளை மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வது சின்ன விஷயம்தான், ஆனால் பலன் தருகிறது. வீடியோ அழைப்பில் பழகுபவர்கள் பிழைகளை உடனுக்குடன் சாட்டில் தட்டச்சு செய்வதும் இதே தொல்லைதான். அங்கும் தாளே நல்லது.

நான்கு நிமிடம் முடிந்ததும் தாளில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். “ஐ டிட்ன்ட் வென்ட் டு த டையிங் யூனிட்.” “ஐ யாம் ஒர்க்கிங் வித் திஸ் பையர் சின்ஸ் டூ இயர்ஸ்.” “தே டிட்ன்ட் டோல்டு அஸ் அபவுட் த ஷேடு.” அக்கா எதையும் விளக்காமல் தாளை அப்படியே நீட்ட வேண்டும். முதலாவதையும் மூன்றாவதையும் பார்த்த உடனே அந்தப் பெண், “டிட்ன்ட் கோ, டிட்ன்ட் டெல்” என்று தானே மாற்றிவிடுகிறார். விதி அவருக்குத் தெரியும், வேகத்தில்தான் நழுவியது. இரண்டாவது வாக்கியத்தை எத்தனை முறை பார்த்தும் அவருக்குக் குறை தெரியவில்லை. அங்கேதான் அக்கா பாடம் நடத்த வேண்டும்: “ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் வித் திஸ் பையர் ஃபார் டூ இயர்ஸ்.” எந்தத் தேதியிலிருந்து என்றால் சின்ஸ், எவ்வளவு காலமாக என்றால் ஃபார். நழுவலையும் அறியாமையையும் இப்படிப் பிரித்துக் காட்டுவதால்தான் இடது பக்கம் மட்டும் எழுதப்பட்ட அந்தத் தாள், முழுத் திருத்தப் பட்டியலைவிட மேலானது.

பலரும் இதோடு எழுந்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. அதே டையிங் கதையை அவர் உடனே இன்னொரு முறை சொல்ல வேண்டும், இந்த முறை மூன்று நிமிடத்தில். பிறகு இரண்டு நிமிடத்தில். நான்கு, மூன்று, இரண்டு என்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகும் இந்தப் பயிற்சியை நியூசிலாந்தின் பால் நேஷன் 1980-களில் ஆராய்ந்து பரவலாக்கினார். அவருடைய முறையில் ஒவ்வொரு சுற்றிலும் கேட்பவர் மாறுவார். இருவர் மட்டும் இருந்தால் அதே அக்கா கேட்கலாம். என்ன சொல்வது என்ற யோசனை இரண்டாம் முறை பெரும்பாலும் தேவைப்படாது. அந்தக் கவனம் இலக்கணத்துக்குக் கிடைக்கிறது. “டிட்ன்ட்” என்று தொடங்கி ஒரு கணம் தயங்கி “கோ” என்று அவர் முடித்தால், திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடு சில இடங்களில் பிசகும். தாள் திரும்பத் திரும்பக் காலியாகவே வந்தால், பெரும்பாலும் கேட்பவர் மனம் நோகக்கூடாது என்று விட்டுவிடுகிறார். “தப்பு இருந்தா எழுதுங்க” என்பதை “குறைஞ்சது மூணு வாக்கியம் எழுதிக் கொடுங்க” என்று மாற்றிக் கேட்டால் அந்தக் கூச்சம் குறையும். எதிர்மாறாக, தாளில் இருப்பவை பிழையே இல்லாமல், கேட்பவருக்குப் பிடித்த வேறு சொற்களாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அருகில் “தப்பு” அல்லது “இப்படியும் சொல்லலாம்” என்று குறிக்கச் சொன்னால் போதும். உச்சரிப்பைத் தாளில் பிடிக்க முடியாது. அதற்கு இருவரும் ஒப்புக்கொண்டு பேச்சை போனில் பதிவு செய்யலாம். தவறு காதில் பட்ட நிமிடத்தை மட்டும் கேட்பவர் குறித்துவைத்தால், பிறகு இருவரும் சேர்ந்து அந்த இடத்தைக் கேட்கலாம்.

வாரக்கணக்கில் தாளில் வந்தும் போகாத பிழைகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உடனடிச் சைகை கேட்கலாம். “சின்ஸ்” தவறாக வரும்போது அக்கா ஒரு விரலை உயர்த்துவார், வாய் திறக்க மாட்டார். பேசுபவர் அந்த வாக்கியத்தைத் தானே திருத்திச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்வார். ஒரே பிழை, ஒரே சைகை என்பதால் பேச்சின் ஓட்டம் தாங்கிக்கொள்கிறது. அந்தப் பிழை அடங்கியபிறகு, தாளில் அடிக்கடி வரும் அடுத்ததற்கு அந்த விரலை மாற்றிக்கொள்ளலாம்.