வெங்காய விதை பாக்கெட்டைப் படிப்பது

ஜூன் தொடக்கத்தில் கடையிலிருந்து ஒருவர் வெங்காய விதை பாக்கெட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இப்ப வாங்கலாமா?" என்று கேட்கிறார். முன்பக்கம் உருண்டு சிவந்த வெங்காயப் படம். அதை நம்பி எதுவும் சொல்ல முடியாது. விதையையே கொட்டிப் படமெடுத்து அனுப்பினாலும் பயனில்லை. எந்த ரகமானாலும் வெங்காய விதை ஒரே மாதிரி கறுத்து, கோணலாகத்தான் இருக்கும். அதனால் முதலில் பின்பக்கப் படத்தைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பின்பக்கத்தில் ரகம் 'அக்ரிஃபவுண்ட் லைட் ரெட்' என்று இருக்கிறது. நாசிக்கைச் சேர்ந்த தேசிய தோட்டக்கலை ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனம் ராபி பருவத்துக்கென வெளியிட்ட ரகம் இது. அக்டோபர், நவம்பரில் நாற்றுவிட்டால், பகல் நீளத் தொடங்கி வெயில் ஏறும்போது காய் திரளும். இதையே ஜூனில் விதைத்தால் காய் திரள வேண்டிய நேரத்தில் பகல் குறைந்துகொண்டே போகும். தாள் செழிப்பாக வளரும், அடியில் காய் பருக்காது. மழைக்காலத்துக்கு அதே நிறுவனத்தின் 'டார்க் ரெட்' இருக்கிறது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், அவசரத்தில் கண்ணில் படாமல் போய்விடும். இணையத்தில் வரும் வெளிநாட்டு பாக்கெட்டுகளில் 'நீள் பகல் ரகம்' என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அவற்றுக்குச் சுமார் 14 மணி நேரப் பகல் வேண்டும். தமிழ்நாட்டில் ஜூன் மாதப் பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை.

அடுத்து தேதி. பலரும் பேக்கிங் தேதியைப் பார்த்துப் புது விதை என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு தொடங்குவது முளைப்புத்திறன் பரிசோதனை நாளிலிருந்து. முதல் முறை அதிகபட்சம் 9 மாதம்தான் செல்லுபடி. மறுபரிசோதனையில் தேறினால் இன்னும் 6 மாதம் கிடைக்கும். இந்த பாக்கெட்டில் பரிசோதனை மாதம் 11-ஆ 12-ஆ என்று தெரியாதபடி மை கலைந்திருக்கிறது. ஆனால் செல்லுபடி நாள் 09.08.2025 என்பது தெளிவாக இருக்கிறது. 9 மாதம் பின்னால் எண்ணினால் 10.11.2024. ஆக, அது நவம்பர். ஒரு தேதியின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். மறுபரிசோதனை விவரத்தைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

பாக்கெட் வெயில்படும் அலமாரியில் கிடந்ததா என்பதைப் படம் காட்டாது. வெங்காய விதையோ காய்கறி விதைகளிலேயே சீக்கிரம் உயிர் போகிற இனம். வாங்கியபின் 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வைத்து, 12-ஆம் நாள் எண்ணினால் தெரிந்துவிடும். வெங்காயத்துக்குக் குறைந்தபட்சத் தரம் 70 சதவீதம்.

இந்த பாக்கெட்டுக்கு அந்தச் சோதனையே தேவைப்படவில்லை. அக்டோபரில் விதைக்க வேண்டிய ரகத்துக்கு ஆகஸ்டிலேயே கெடு முடிகிறது. வாங்காமல், இப்போதைக்கு டார்க் ரெட் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி, அதன் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.