42 பேர் சரி என்று எழுதுவதற்கு முன்
சுற்றுலாவில் மாணவர் காணாமற்போனால்: ஆசிரியரின் அறிக்கையை எப்படி எழுதுவது, எப்படி வாசிப்பது?

தவணைச் சுற்றுலாக்களுக்கான அனுமதிக் கோப்புகள் வலயக் கல்வி அலுவலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய கடைசி வாரம் இது. பசறை, வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கத்து ஆசிரியர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே விடயத்தைக் கேட்கின்றன. பிள்ளை ஒன்று காணாமற்போனால் அதிபருக்கும் பொலிசுக்கும் கொடுக்கும் அறிக்கையில் என்ன எழுத வேண்டும்? பெற்றோரின் கடிதங்கள் மறுபக்கத்திலிருந்து கேட்கின்றன: அந்த அறிக்கையில் எதை நம்பலாம்?

அனுமதிக் கடிதம், பெற்றோர் சம்மதம், பஸ்ஸின் காப்புறுதி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். அறிக்கையில் உயிர் இருக்கும் இடம் இரண்டே பத்திகள்தான். ஒன்று எண்ணிக்கை, மற்றது நேரம். இரண்டையும் பூசி மெழுகுவது மிகச் சுலபம்.

எண்ணிக்கை சரி, ஆள் இல்லை

1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் போர்ட் டக்ளஸிலிருந்து சுழியோடிகளை ஏற்றிக்கொண்டு ஒரு படகு பவளப்பாறைக் கடலுக்குப் போனது. பயணிகள் 26 பேர். திரும்பும் முன் ஊழியர்கள் தலைகளை எண்ணினார்கள், 26 வந்தது, படகு கரை சேர்ந்தது. ஆனால் ஒரு கணவனும் மனைவியும் கடலிலேயே விடப்பட்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் இருவர் மறுபடியும் தண்ணீரில் குதித்ததால், அவர்கள் இரண்டு தடவை கணக்கில் சேர்ந்துவிட்டார்கள் என்பது பின்னர் விசாரணையில் முன்வைக்கப்பட்ட விளக்கம். 24 உடன் இரண்டைக் கூட்டினால் 26 தானே. படகில் கிடந்த ஒரு பையைத் திறந்து பார்த்த பிறகே ஆள் குறைவது தெரிந்தது. அதற்குள் இரண்டு நாட்கள் போய்விட்டன. அந்த இருவரும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தப் படகில் யாரும் எண்ணாமல் விடவில்லை, எண்ணினார்கள். அசைந்துகொண்டிருக்கும் கூட்டத்தை எண்ணினார்கள், பெயரில்லாமல் எண்ணினார்கள். அதனால்தான் தவறு மொத்தத்துக்குள் ஒளிந்துகொண்டது.

நமது ஊரில் இந்தத் தவறுக்கு இன்னொரு வழியும் உண்டு. சனிக்கிழமை துன்ஹிந்தவுக்குப் போய்ப் பாருங்கள். நான்கைந்து பாடசாலைகள் ஒரே நேரத்தில் வந்திருக்கும், எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைச் சீருடையில். முதுகுப் பக்கமிருந்து எண்ணும் ஆசிரியருக்கு மொனராகலைப் பிள்ளையும் தன் பிள்ளைதான். ஒருவர் குறைந்து, வேற்றுப் பாடசாலைப் பிள்ளை ஒருவர் கூடினால் மொத்தம் மாறாது.

தோட்டத்துப் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலைப் பெரட்டில் கங்காணி தலையை எண்ணிவிட்டுப் போவதில்லை. பேரைக் கூப்பிட்டு, செக்ரோலில் குறிக்கிறார். அரைப்பேரா முழுப்பேரா என்பதில் காசு இருக்கிறது. கொழுந்துக் கணக்குக்கு உள்ள இந்தக் கறார் பிள்ளைக் கணக்குக்கும் வேண்டும்.

அடிப்படைப் பட்டியல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை பதுளை மாவட்டம் பார்த்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டது. பிறகு அமைச்சர் மட்டத்தில் நூறுக்குக் கீழ் என்றார்கள். முடிவில் அது சில பத்துகளாகச் சுருங்கியது. அந்தக் காலையில் யார் லயத்தில் இருந்தார்கள், யார் மலைக்கும் பாடசாலைக்கும் போயிருந்தார்கள் என்று சொல்லும் ஒரு பட்டியல் கையில் இல்லாததே அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு காரணம். செக்ரோல் வேலை செய்தவரைச் சொல்லும், வீட்டிலிருந்தவரைச் சொல்லாது.

“உடனடியாகத் தேடப்பட்டது”

இனி நேரத்துக்கு வருவோம். துன்ஹிந்தவை வைத்து ஒரு கற்பனை அறிக்கை எழுதிப் பார்க்கலாம். தரம் 9 மாணவர்கள் 42 பேர், ஆசிரியர்கள் மூவர். பஸ் நிற்கும் வீதியிலிருந்து நீர்வீழ்ச்சிக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் காட்டுக்குள் நடக்க வேண்டும், ஓரங்களில் கடைகள் இருக்கும்.

அறிக்கை இப்படிச் சொல்கிறது: “10.05க்கு வீதியில் பெயர் கூப்பிட்டோம், 42. 10.45க்கு பார்வை மேடையில் எண்ணினோம், 42. 11.20க்குத் திரும்பத் தொடங்கினோம். 12.10க்கு பஸ்ஸில் எண்ணியபோது 41. உடனடியாகத் தேடினோம். 12.55க்கு 119க்கு அறிவித்தோம்.”

மேலோட்டமாகப் பார்த்தால் ஒழுங்கான அறிக்கை. ஆனால் பெயரோடு உறுதியான நேரம் இதில் ஒன்றே ஒன்றுதான்: 10.05. 10.45 வெறும் தலைக்கணக்கு. மேடையில் வேறு பாடசாலைகளும் நின்றிருந்தால் அதன் மதிப்பு இன்னும் குறைவு. ஆகவே பிள்ளை 10.06க்கே பிரிந்திருக்கலாம் என்று தேடுபவர் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது பஸ்ஸில் இருக்கும் தோழி ஒருத்தி சொல்கிறாள்: “பதினொன்றரை மணிபோல அவள் என்னோடு நின்று அச்சாறு வாங்கினாள், டீச்சர்.” கடைக்காரரும் ஆமாம் என்கிறார். இந்த ஒரு வரி முழுத் தேடுதலையும் மாற்றிவிடும்.

மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பிள்ளை நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11.30க்கும் 12.10க்கும் இடையில் 40 நிமிடம். அதிகபட்சம் 2 கிலோமீற்றர் போயிருக்கலாம். 10.05 இலிருந்து கணக்கிட்டால் 125 நிமிடம். தூரம் 6 கிலோமீற்றரைத் தாண்டும். தூரம் மூன்று மடங்கு கூடினால் தேட வேண்டிய பரப்பு ஏறக்குறைய பத்து மடங்கு கூடும், ஏனெனில் பிள்ளை எந்தப் பக்கமும் போயிருக்கலாம். கடைசியாகப் பார்த்த நேரத்தையும் இடத்தையும் தேடுதல் குழுக்கள் முதல் கேள்வியாகக் கேட்பது இதனால்தான்.

அதே கணக்கை அறிக்கையின் கடைசி வரிக்கும் போட்டுப் பாருங்கள். 12.10க்குத் தெரிந்தது, 12.55க்குத்தான் அழைத்தார்கள். 11.30 இலிருந்து கணக்கிட்டால், இந்த 45 நிமிடத்தில் பரப்பு நான்கரை மடங்காகப் பெருத்துவிட்டது. “உடனடியாக” என்று எழுதினால் அந்த 45 நிமிடம் காகிதத்தில் மறைந்துபோகும். பெரும்பாலும் அந்த நேரம் மூன்று ஆசிரியர்களும் மூன்று பக்கமாக ஓடியதில் கழிந்திருக்கும். அவர்களது பதற்றம் புரிகிறது. ஆனால் அவர்கள் ஓடிய நேரத்தில் மீதி 41 பேரை யார் பார்த்தார்கள் என்பதற்கு அறிக்கையில் பதில் இல்லை.

காட்டுப்பாதைத் தேடுதலில் முதல் வேலை ஓடுவதல்ல, பாதையின் வாயை அடைப்பது. துன்ஹிந்தப் பாதை வீதியில் சேரும் இடத்தில் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும், வருவோர் போவோரைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் மற்றப் பிள்ளைகளை பஸ்ஸில் இருத்திப் பெயர் கூப்பிட வேண்டும். மூன்றாமவர் கடைசியாகப் பார்த்த கடைக்குப் போக வேண்டும். தொலைபேசி அழைப்பு இதே நேரத்தில் போக வேண்டும், தேடி முடித்த பிறகல்ல.

இதைவிடப் புத்திசாலித்தனமானது 11.20க்கே அந்த வாயில் ஒருவரை நிறுத்தி, வருபவர்களின் பெயரைக் குறிப்பது. அப்படிச் செய்திருந்தால் 12.10க்கு “41” என்ற எண்ணுக்குப் பதில் “அவள் இன்னும் பாதைக்குள் இருக்கிறாள்” என்று தெரிந்திருக்கும். பல சதுர கிலோமீற்றர்ப் பரப்பு, ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் அடங்கும் ஒரு கோடாகச் சுருங்கியிருக்கும். எல்லவிலோ ஒன்பது வளைவுப் பாலத்திலோ இந்த வசதி இல்லை. அங்கே பாதைகள் பல, ரயிலும் பஸ்ஸும் ஓடுகின்றன, நடைவேகக் கணக்கு பொய்த்துவிடும். அங்கே எண்ணும் இடைவெளியைக் குறைப்பதே வழி.

மெழுகிய அறிக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா நேரமும் ஐந்திலும் பூச்சியத்திலும் முடிந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணிய எல்லா இடத்திலும் ஒரே தொகை, ஒரே கையெழுத்து, ஒரே மை என்றால் அது மாலையில் ஒரே இருப்பில் எழுதப்பட்டிருக்கலாம். மேலதிகாரிகள் பிறகு விடும் “முழுமையான மேற்பார்வை இருந்தது” என்ற அறிக்கைக்கு அடித்தளம் இப்படிப்பட்ட தாள்தான். ஏமாற்றாத கடிகாரம் ஒன்று உண்டு: கைத்தொலைபேசியின் அழைப்புப் பதிவு. அறிக்கை 12.15 என்று சொல்லி, அழைப்பு 12.55 என்று சொன்னால் அழைப்பை நம்புங்கள்.

ஆசிரியர்களுக்கும் இதுவே பாதுகாப்பு. சரியான நேரம் தெரியாவிட்டால் “11.20க்கும் 11.40க்கும் இடையில்” என்று எழுதலாம். யார் பார்த்தார், யார் சொல்லக் கேட்டார் என்பதைப் பிரித்து எழுதுங்கள். பிழைத்த எண்ணிக்கையை அழிக்காமல், ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்திய நேரத்தைக் குறியுங்கள்.

மற்றக் கேள்விகள்

*24 மணிநேரம் காத்திருந்துதான் முறைப்பாடு செய்ய வேண்டுமா?* இல்லை. பிள்ளை விடயத்தில் காத்திருக்கவே கூடாது.

*யாரை அழைப்பது?* பொலிஸ் 119. காயமென்றால் 1990. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1929.

*உடை விவரம் எவ்வளவு முக்கியம்?* 2012 ஓகஸ்ட்டில் ஐஸ்லாந்தில் ஒரு சுற்றுலாப் பயணி உடை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அவரையே காணவில்லை என்று தேடுதல் தொடங்கியது. அடையாளத்தைக் கேட்டும் அது தான்தான் என்று தெரியாமல் அவரும் சேர்ந்து தேடினார். அதிகாலை 3 மணிபோலத்தான் விடயம் விளங்கியது. ஆகவே காலையில் பஸ் புறப்படுமுன் பிள்ளைகளைப் படமெடுங்கள். ஸ்வெட்டர், தொப்பி மாற்றியதையும் குறியுங்கள்.

*சீருடையில் போவது நல்லதா?* பாடசாலையை அடையாளம் காண நல்லது, எண்ணுவதற்கு மோசம். நிறக் கைப்பட்டி ஒன்று கட்டினால் இரண்டும் தீரும்.

*பெற்றோருக்கு எப்போது சொல்வது?* பொலிசுக்குச் சொன்ன அடுத்த நிமிடம், பட்டியல் வைத்திருக்கும் ஆசிரியர் அல்லாத இன்னொருவர் மூலம்.

*பிள்ளை அரை மணியில் கிடைத்துவிட்டால் அறிக்கை தேவையா?* தேவை. அடுத்த தடவை எங்கே ஆள் நிறுத்துவது என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

*அறிக்கையின் பிரதியைப் பெற்றோர் கேட்கலாமா?* எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசாங்கப் பாடசாலைக்கும் பொருந்தும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.