"விலைதான் சார் காரணம்"

கொட்டேஷன் கொடுத்து வேலை கைநழுவிப் போன பிறகு, காரணம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இது. சொல்பவருக்குச் சங்கடமில்லை, பேச்சும் அதோடு முடிந்துவிடும். அதனாலேயே இதை அப்படியே நம்பக் கூடாது.

கோவையில் ஒரு நூற்பாலை, கணக்கு மென்பொருளுக்குக் கொட்டேஷன் கேட்டதாக வைத்துக்கொள்வோம். சிறு நிறுவனம் ஒன்று எட்டரை லட்சம் போட்டது. வேலை இன்னொருவருக்குப் போனது. உடனே போன் செய்திருந்தால் முடிவை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவதுபோல் இருந்திருக்கும். ஆர்டர் கொடுத்து இரண்டு வாரம் போகட்டும் என்று காத்திருந்தார் அதன் உரிமையாளர். மின்னஞ்சலிலும் கேட்கவில்லை. எழுத்தில் போவது கோப்பில் ஏறும் என்பதால், கொள்முதல் அதிகாரி அளந்துதான் எழுதுவார். மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தப்போகிற கணக்கு மேலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினார்.

"முடிவு முடிந்துவிட்டது சார், அதைப் பற்றிப் பேச வரவில்லை. அடுத்த கொட்டேஷனைச் சரியாகப் போடத்தான் கேட்கிறேன்" என்றுதான் தொடங்கினார். எதிர்பார்த்தபடியே "விலைதான்" என்றார் மேலாளர். "விலை ஒன்றாகவே இருந்திருந்தால் எங்களுக்குக் கொடுத்திருப்பீர்களா?" என்று கேட்டதும் மறுமுனையில் சற்றுத் தயக்கம். பிறகுதான் விஷயம் வந்தது. பழைய கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலைக்கு "தேவைக்கேற்பத் தனிக் கட்டணம்" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தார்கள். அது எவ்வளவு ஆகும், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது சிக்கினால் யார் வந்து உட்காருவார்கள் என்று எதுவுமில்லை. ஜெயித்தவர் ஒன்பதே முக்கால் லட்சம் போட்டிருந்தும், எல்லாம் அதற்குள் அடக்கம் என்று ஆளையும் தேதியையும் எழுதியிருந்தார். மேலாளரை உறுத்தியது தொகையல்ல, அது எங்கே போய் நிற்கும் என்ற பயம். "விலை" என்ற பதிலை நம்பி அடுத்த இடத்தில் ஏழரை லட்சம் போட்டிருந்தால் லாபம்தான் போயிருக்கும்.

இந்த இடத்தில் வாய் பரபரக்கும். "மாற்றிக் கொடுப்பதும் எங்கள் வேலைதானே சார், கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே" என்று விளக்கத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் மறுபடி மரியாதைக்குள் ஒதுங்கிவிடுவார். குறித்துக்கொண்டு, "வேறெங்கே சந்தேகம் வந்தது?" என்று கேட்பதே லாபம். போட்டியாளரின் விலைப் பட்டியலைக் கேட்பதும் தவறு; தந்தால் நாளை உங்களுடையதும் வெளியே போகும்.

அரசு டெண்டரில் கதை வேறு. தகுதிச் சுற்றைத் தாண்டியவர்களில் பெரும்பாலும் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்பதால், அங்கே கேட்க வேண்டியது தொழில்நுட்பச் சுற்றில் ஏன் தள்ளப்பட்டோம் என்பதை, அதையும் எழுத்திலேயே.

சில இடங்களில் எப்படிக் கேட்டாலும் ஒன்றும் கிடைக்காது. ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு, கோப்புக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று உங்களை அழைத்திருப்பார்கள். அவகாசம் இரண்டே நாள், நேரில் பார்க்க அனுமதி இல்லை, உங்கள் கொட்டேஷனில் எந்தப் பக்கமும் அவர்களுக்கு நினைவில்லை என்றால் நீங்கள்தான் அந்த மூன்றாவது ஆள்.